நாள் முழுக்க ஏப்பம், எல்லா டெஸ்ட்டும் நார்மல்: ஒரு கேஸோட முழு விவரம்

நாமக்கல் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துறவர், வயசு 43. ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சின்னச்சின்ன விவரத்த மாத்தியிருக்கேன், மத்ததெல்லாம் அப்படியே தான். வந்த கம்ப்ளெயின்ட் ஒன்னே ஒன்னு, ஏப்பம். சாப்ட்ட பிறகு ரெண்டு வருமே அது இல்ல. காலைல காபி குடிச்சதுலேர்ந்து ராத்திரி படுக்குற வரைக்கும் வருது, சில நேரம் வரிசையா ஏழெட்டு பத்துன்னு நிக்காம வருது, பார்ட்டிங்க முன்னாடி உக்காந்து வாடகை பேச முடியலன்னு சங்கடப்பட்டாரு. நெஞ்சுக்கு நடுவுல ஒரு அடைப்பு மாதிரி இருக்கும், ஏப்பம் விட்டா கொஞ்சம் லேசாகும், அஞ்சு நிமிஷத்துல திரும்ப அடைக்கும்.

கையில ஒரு கட்டு ஃபைல். நெஞ்சு அடைப்புன்னு சொன்னதால ஈசிஜி, டிரெட்மில் ரெண்டும் எடுத்தாச்சு, நார்மல். எண்டோஸ்கோப்பி நார்மல், வயித்து ஸ்கேன் நார்மல், எச் பைலோரி கிருமியும் இல்ல. மூணு மாசமா காலைல வெறும் வயித்துல ஆசிட் குறைக்கிற பேன்டோபிரசோல், கூடவே டாம்பெரிடோன், சாப்ட்டதும் மென்னு திங்குற சிமெத்திகோன் மாத்திரை, ஜீரண சிரப். எதுலயும் பெருசா பலன் இல்ல. வீட்டுல உருளைக்கிழங்கு, வாழைக்காய், பருப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, பாவம் மனுஷன் ரசஞ்சோறும் பீர்க்கங்காயுமா ஓட்டிட்டு இருந்தாரு. அதுலயும் பலன் இல்ல.

இந்த மாதிரி ஆள் வந்தா ஃபைலை மூடி வச்சிட்டு மூணு கேள்வி கேக்குறது என் வழக்கம். தூக்கத்துல வருதா, பேசும்போது வருதா, எப்போலேர்ந்து.

தூக்கத்துக்கு பதில் சொன்னது அவர் வீட்டம்மா. "நைட்டுல ஒன்னுமே இல்லீங்க டாக்டர், கொறட்ட தான். காத்தால எந்திரிச்சு அரை மணி நேரத்துல ஆரம்பிச்சிரும்". பேசும்போது வருதான்னா அவரே யோசிச்சுப் பாத்து, "ஃபோன்ல பேசிட்டு இருக்கையில வர்றதில்லீங்க, கட் பண்ணதும் சேத்து வச்சு வருதுங்க"ன்னாரு. எப்போலேர்ந்துன்னா நாலு மாசம். நாலு மாசத்துக்கு முன்ன வேற என்ன மாறுச்சுன்னு கேட்டதும் தான் விஷயம் வந்துச்சு. இருபது வருஷமா பிடிச்ச சிகரெட்ட விட்டுட்டாரு, அதுக்கு பதிலா நிக்கோடின் சூயிங்கம்.

இதுல மேல போறதுக்கு முன்னாடி அந்த காத்து எங்கேர்ந்து வருதுங்குறத பாத்துடுவோம், ஏன்னா நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேர் நினைக்கிறது, சாப்ட்டது வயித்துல புளிச்சு காத்தாகி மேல வருதுன்னு. அப்படி இல்ல. பருப்பு, கிழங்குலேர்ந்து காத்து உண்டாகுறது உண்மை தான், ஆனா அது நடக்குறது பெருங்குடல்ல, அங்க இருக்குற பாக்டீரியா செரிக்காத மாவுச்சத்த தின்னு ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சில பேருக்கு மீத்தேன்னு விடும். அது பல அடி நீளக் குடல்ல திரும்ப ஏறி வாய்க்கு வராது, கொஞ்சம் ரத்தத்துல கலந்து மூச்சுல போகும், மிச்சம் கீழ் வழியா போகும். ஏப்பத்துல வர்ற காத்த எடுத்துப் பாத்தா பெரும்பாலும் நைட்ரஜனும் ஆக்சிஜனும், அதாவது இந்த ரூம்ல இருக்குற அதே காத்து. வாய் வழியா உள்ள போனது வாய் வழியா திரும்புது, அவ்வளவு தான். சோடா குடிச்சா மட்டும் அதோட கார்பன் டை ஆக்சைடு சேரும்.

முழுங்கும்போது காத்து போறது எல்லாருக்கும் நடக்குறது. ஒரு வாய் தண்ணி முழுங்கினா கூடவே கிட்டத்தட்ட அதே அளவு காத்து, சில நேரம் அதுக்கு மேலயும் உள்ள போகும். அந்த காத்து இரைப்பையோட மேல்பக்கம் போய் தங்கும், நிமிந்து நின்னு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தா, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கு கீழ, இடது பக்கம் கருப்பா ஒரு குமிழி தெரியுமே அது தான். அங்க சேர்ந்து இரைப்பைய கொஞ்சம் விரிச்சதும், உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவுல இருக்குற வால்வு சில நொடி தானா தளரும், காத்து மேல வரும், தொண்டை வால்வும் தொறக்கும், ஏப்பம். இது உடம்பு தன்ன காப்பாத்திக்கிற வேலை. ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு முப்பது வரைக்கும் கூட இயல்பு தான், பாதி நமக்கே தெரியாம சத்தமில்லாம போயிடும். ஆக உள்ள போற காத்து கூடினா வெளிய வர்ற ஏப்பமும் கூடும், இதுல ஆசிட் மாத்திரைக்கு வேலையே இல்ல. சிமெத்திகோன் கூட சின்னச்சின்ன குமிழிய உடைச்சு ஒன்னா சேர்க்குமே தவிர காத்தோட அளவ குறைக்காது. மூணு மாசம் அவ்வளவு மாத்திரை போட்டும் கேக்காததுக்கு காரணம் மாத்திரை மட்டமா இருந்ததில்ல, குறி வச்ச இடம் தப்பு.

இப்ப அந்த கம். நிக்கோடின் கம்ம சாதா பபுள்கம் மாதிரி மெல்லக்கூடாது, இத கடையில வாங்கிக்கிற நிறையப் பேருக்கு யாரும் சொல்றதே இல்ல. மெதுவா சில தடவ மென்னு, காரமா சுள்ளுன்னு ஒரு ருசி வந்ததும் நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும், சுள்ளுங்குறது அடங்கினதும் திரும்ப கொஞ்சம் மெல்லணும், வேற பக்கம் ஒதுக்கணும், இப்படி ஒரு அரை மணி நேரம். ஏன்னா நிக்கோடின் ஏற வேண்டியது வாய்த்தோல் வழியா. இவர் என்ன பண்ணாருன்னா 2 மில்லிகிராம் கம்ம ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு, விடாம சவக்கு சவக்குன்னு மென்னுட்டே இருந்தாரு, ஒன்னு தீர்ந்தா அடுத்தது. இதனால ரெண்டு விஷயம் ஒன்னா நடக்குது. ஒன்னு, எந்த கம்மா இருந்தாலும் மெல்ல ஆரம்பிச்சதும் எச்சில் பல மடங்கு ஊறும், ஊறுன எச்சில முழுங்கித் தான ஆகணும், சாதாரணமா நிமிஷத்துக்கு ஒரு தடவ முழுங்குறவர் அப்ப அதவிட நிறைய தடவ முழுங்குறாரு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காத்து, அதுவும் மெல்லும்போது வாய் தொறந்து மூடுறதுல எச்சில் நுரைச்சுப் போய் காத்தோட தான் இறங்கும். ரெண்டாவது இந்த கம்முக்கே உரியது, வேகமா மென்னா வாய்ல ஏறாத நிக்கோடின் எச்சிலோட வயித்துக்குப் போய் அங்க எரிச்சல், விக்கல், குமட்டல் பண்ணும், அந்த அசௌகரியத்துக்கு ஆள் இன்னும் எச்சில முழுங்குவாரு. அவருக்கு விக்கல் வந்துச்சான்னு கேட்டேன், "ஆமாங்க, அது எப்படிங்க தெரியும்"னாரு.

கம் மட்டும் காரணம்னு முடிச்சிருக்கலாம், ஆனா அவர் ஆபீஸ்ல மதியம் எப்படி சாப்புடுறார்னு கேட்டா அது தனிக்கதை. லோடு ஏத்துற நேரம் மதியம் தான், ஒரு கையில ஃபோன், ஒரு கையில சோறு, ஏழெட்டு நிமிஷத்துல டிபன் பாக்ஸ் காலி. பெரிய பெரிய வாயா மெல்லாம உள்ள தள்ளி, தொண்டைல நின்னா தண்ணி விட்டு இறக்குறது. தண்ணியும் பாட்டில உதட்டுல படாம தூக்கி அண்ணாந்து மடக்கு மடக்குன்னு. அண்ணாந்து குடிக்கிறது நம்ம ஊர் வழக்கம், நல்ல வழக்கமும் தான், எச்சில் படாது, ஆனா வாய தொறந்து வச்சு மேலேர்ந்து விழுற தண்ணிய அப்படியே பெருசா முழுங்கும்போது தண்ணி கூட விழுற காத்தும் சேர்ந்து தான் போகும். வெயில்ல வந்து ஒரே மூச்சுல ஒரு லிட்டர் பாட்டில முடிச்சுட்டு உடனே பெருசா ஒரு ஏப்பம் விடுறவங்கள பாத்திருப்பீங்க. சூடான டீய சர்ருன்னு உறிஞ்சுறதும் இதே கணக்கு, காத்தோட கலந்து ஆத்தி ஆத்தி இழுத்தா தான் நாக்கு சுடாது. ஸ்ட்ரா போட்டு இளநீ குடிச்சா முதல்ல வர்றது ஸ்ட்ராக்குள்ள இருக்குற காத்து, கடைசில அடியில சர்ர்ருன்னு உறிஞ்சும்போது முக்காவாசி காத்து.

இதுக்கு மேல அவர் கண்டுபிடிச்ச வைத்தியம் ஒன்னு இருந்துச்சு, சாப்ட்டதும் ஒரு பன்னீர் சோடா. குடிச்சதும் டக்குன்னு ரெண்டு ஏப்பம் வரும், அடைப்பு விட்டுடுச்சுன்னு நிம்மதி. வந்த ஏப்பம் சோடா கொண்டு வந்த காத்து தான், ஏற்கனவே உள்ள இருந்தது இல்ல. சோடால கரைஞ்சிருக்குற கார்பன் டை ஆக்சைடு வெளிய வந்தா பாட்டில் அளவவிட ரெண்டு மூணு மடங்கு இடம் எடுக்கும். பழ உப்பு பவுடர் கரைச்சுக் குடிக்கிறதும் அப்படித்தான், சோடியம் பைகார்பனேட் ஆசிட்டோட சேர்ந்தா அதே வாயு. ஆசிட் கொஞ்சம் குறையும், அதுல எரிச்சல் இருக்குறவங்களுக்கு சில நிமிஷம் சுகம் உண்டு, ஏப்ப வியாதிக்கு அது தீனி.

இது வரைக்கும் நேரா போச்சு. ஆனா எனக்கு இடிச்சது என்னன்னா, முழுங்குன காத்து மட்டும் தான் காரணம்னா நிமிஷத்துக்கு ஏழெட்டு வராது. இரைப்பைல காத்து சேர்ந்து, வால்வு தளர்ந்து, மேல வர நேரம் பிடிக்கும். அப்ப இவர்கிட்ட இரைப்பைலேர்ந்து வராத ரெண்டாவது வகை ஏப்பமும் இருக்கணும்.

இந்த ரெண்டாவது வகைய தெளிவா காட்டுனது நெதர்லாந்து டாக்டர்கள், 2004ல. மூக்கு வழியா மெல்லிசா ஒரு குழாய விட்டு உணவுக்குழாய்க்குள்ள அங்கங்க மின்தடைய அளந்தாங்க. காத்துக்கு மின்தடை அதிகம், தண்ணிக்கு கம்மி, அதனால காத்து எந்தப் பக்கம் நகருதுன்னு வரைபடத்துல தெரிஞ்சிடும். ஓயாம ஏப்பம் விடுறவங்களுக்குப் பாத்தா, காத்து இரைப்பைலேர்ந்து மேல வரவே இல்ல, வாய்லேர்ந்து உணவுக்குழாய்க்குள்ள பாய்ஞ்சு, இரைப்பைய தொடாமலே ஒரு நொடிக்குள்ள திரும்பி வெளிய வந்துடுச்சு. அந்த ஆள் முழுங்கக்கூட இல்ல. மூச்சுக்குழல் வாய மூடிட்டு உதரவிதானத்த வெடுக்குன்னு இழுக்கும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் குறையும், தொண்டை வால்வு தொறந்து காத்து உள்ள உறிஞ்சப்படும், உடனே வயித்துத் தசை இறுகி வெளிய தள்ளும். வேணும்னு பண்றது இல்ல, நகம் கடிக்கிற மாதிரி தன்னையறியாம ஒட்டிக்கிட்ட பழக்கம். முதல்ல நிஜமாவே வயித்துல காத்து அடைச்சிருக்கும், ஏப்பம் வந்தா சுகமா இருக்கும், அதனால வராதப்பவும் வரவைக்கப் பாத்துப் பாத்து உடம்பு அந்த வித்தையக் கத்துக்கும். அப்புறம் அடைப்பு தோணுறப்பெல்லாம் அது தானா ஓடும். கவனம் வேற எங்கயாவது போனா நின்னுடும், பேசும்போது மூச்சு வெளிய போயிட்டே இருக்குறதால நடக்கவே முடியாது, தூக்கத்துல நடக்காது. இவர் சொன்ன மூணு பதிலும் அப்படியே பொருந்துது.

உறுதி பண்ண அந்த குழாய் டெஸ்ட்டுக்கு பெரிய ஊருக்குப் போகணும், செலவும் உண்டு. அதுக்கு முன்னாடி செலவில்லாத ஒன்னு, வீட்டம்மாவ ஃபோன்ல வீடியோ எடுக்கச் சொன்னேன், அவருக்குத் தெரியாம, டிவி பாக்கும்போது பக்கவாட்டுல. வீடியோல ஏப்பத்துக்கு அரை நொடி முன்னாடி மோவாய் லேசா முன்னால போகுது, கழுத்து நீளுது, நெஞ்சு வெடுக்குன்னு ஒரு தூக்கு, உடனே சத்தம். வரிசையா ஆறு ஏப்பத்துக்கும் அதே தான். நடுவுல பேரன் வந்து மடியில ஏறி ஏதோ கேட்டதும் சுத்தமா நின்னுடுச்சு, பேரன் போனதும் திரும்ப ஆரம்பம். சாப்ட்ட உடனே எடுத்த இன்னொரு வீடியோல வேற மாதிரி, அந்த நெஞ்சுத் தூக்கல் இல்லாம, இடைவெளி விட்டு, கனமா ரெண்டு மூணு. அது இரைப்பை ஏப்பம். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட, முதல் வகை விதைச்சு ரெண்டாவது வகை வளந்திருக்கு.

அவரே போட்டுக் காட்டின ஒரு விஷயம், "முதுகுல தடவுனா கேஸ் கலைஞ்சு ஏப்பமா வருதுங்க, பாருங்க"ன்னு வீட்டம்மாவ தோள்பட்டைய அமுக்கச் சொன்னாரு, அமுக்க அமுக்க வந்துச்சு. கெண்டைக்கால அமுக்கினா ஏப்பம் வருதுன்னு சொல்றவங்களும் உண்டு, வீட்டுக்கு ஒருத்தராவது இருப்பாங்க. தசைக்குள்ள காத்து தங்குறதும் இல்ல, அங்கேர்ந்து வாய்க்கு வர்றதுக்கு வழியும் இல்ல. அமுக்கும்போது மூச்சப் பிடிக்கிறோம், ஏப்பம் வரணும்னு எதிர்பாக்குறோம், உதரவிதானம் இழுக்குது. இத நான் சொன்னா நம்ப மாட்டாருன்னு ஒரு பேனாவ முன்பல்லுக்கு நடுவுல குறுக்க கடிச்சுக்கச் சொல்லி, மெதுவா மூக்குல மூச்சு விடச் சொல்லிட்டு, திரும்ப அமுக்கச் சொன்னேன். வரல. வாய் தொறந்திருந்தா முழுங்குறது சிரமம், மூச்சு ஓடிட்டு இருந்தா உறிஞ்சுறதும் நடக்காது. அந்த அஞ்சு நிமிஷம் தான் மொத்த வைத்தியத்துலயும் முக்கியமான நேரம்னு நினைக்கிறேன், அதுக்கப்புறம் தான் அவர் நான் சொன்னத காது குடுத்துக் கேட்டாரு.

வைத்தியம் ரெண்டு பக்கமா போச்சு. காத்து உள்ள போறத குறைக்க, கம்ம நிறுத்தல, சிகரெட்டுக்குத் திரும்பிட்டா இந்த ஏப்பத்தவிட ஆயிரம் மடங்கு நஷ்டம், சிகரெட் இழுக்கும்போதும் காத்து முழுங்கத் தான் செய்வாங்க. மெல்லுற முறைய மாத்தினோம், ஒதுக்கி வைக்கிறது எப்படின்னு கிளினிக்லயே ஒன்ன வாய்ல போட்டுக் காட்டச் சொன்னேன். காபி, டீ, சோடா குடிச்சு கால் மணி நேரம் கழிச்சு தான் கம், இல்லனா வாய்ல புளிப்பு இருக்கும்போது நிக்கோடின் ஏறாது, ஏறலன்னு இன்னும் வேகமா மெல்லுவாங்க. பன்னீர் சோடா கட். மதியம் ஃபோன கல்லாப்பெட்டி மேல வச்சிட்டு இருபது நிமிஷம் சாப்பாடு. தண்ணி டம்ளர்ல, உதட்டுல வச்சு, சின்னச்சின்ன மடக்கா. கிழங்கும் பருப்பும் திரும்ப சாப்புடலாம்னு சொன்னதும் வீட்டம்மா முகத்துல தான் முதல் சிரிப்பு. மாத்திரைல ஜீரண சிரப்பு, சிமெத்திகோன், டாம்பெரிடோன் உடனே நிறுத்தம், பேன்டோபிரசோல மட்டும் படிப்படியா, திடீர்னு நிறுத்தினா சிலருக்கு ஆசிட் கொஞ்ச நாள் கூடுதலா ஊறி எரிச்சல் வரும்.

இன்னொரு பக்கம் அந்த உறிஞ்சுற பழக்கம். அதுக்கு வயித்து மூச்சுப் பயிற்சி. நாற்காலில சாஞ்சு உக்காந்து ஒரு கை நெஞ்சுல, ஒரு கை தொப்புள் மேல. வாய் லேசா தொறந்திருக்கணும், நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னாடி. மூக்குல மெதுவா இழுக்கும்போது தொப்புள் கை மட்டும் எழணும், நெஞ்சுக் கை அசையக்கூடாது, விடுறது இழுத்ததவிட நீளமா. அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ, அதுல ஒன்னு கண்டிப்பா மதிய சாப்பாட்டுக்குப் பிறகு. அதோட முக்கியமா, அடைப்பு தோணி ஏப்பம் வரப்போகுதுன்னு தெரிஞ்ச அந்த நொடில ஆரம்பிக்கணும், விட்டுட்டு அப்புறம் பண்ணி பிரயோஜனம் இல்ல. உதரவிதானம் ஒரு நேரத்துல ஒரு வேல தான் செய்யும், மெதுவா இறங்கிட்டு இருக்கும்போது வெடுக்குன்னு இழுக்க முடியாது. சிங்கப்பூர்ல இத முறைப்படி சோதிச்சு 2018ல வெளியிட்டாங்க, பயிற்சி பண்ணவங்களுக்கு ஏப்பமும் குறைஞ்சுது, மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சலும் குறைஞ்சுது. நெஞ்செரிச்சல் ஏன் குறையணும்னா, ஏப்பத்துக்காக வயித்த இறுக்குற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆசிட்டும் மேல தள்ளப்பட வாய்ப்பு உண்டு. இவருக்கும் எப்பவாவது புளிப்பா தொண்டைக்கு வருதுன்னு சொன்னது அது தான்.

முதல் வாரம் மோசமா இருந்துச்சுன்னு தான் சொல்லணும். ஏப்பத்த அடக்குனா காத்து உள்ள சேர்ந்து நெஞ்ச அடைச்சிடுமோன்னு பயம், நடுராத்திரி ஃபோன் வந்துச்சு. ரெண்டாவது வகைல அடக்குறதுக்கு உள்ள காத்தே இல்ல, உள்ள இழுக்காம இருக்குறது தான் வேலைன்னு திரும்பச் சொன்னேன். இரைப்பைலேர்ந்து தானா வர்ற ஏப்பத்த அடக்க வேணாம், அது வந்துட்டுப் போகட்டும். ஆறாவது வாரம் வந்தப்ப, வரிசையா வர்றது மாசக் கடைசில டீசல் கணக்கு பாக்குற ரெண்டு மூணு நாள் மட்டும் தான், மத்த நாள்ல சாப்ட்ட பிறகு நாலஞ்சு. முழுசா போகல. இந்தப் பயிற்சி எல்லாருக்கும் கேக்குறதும் இல்ல, கேக்காதவங்களுக்கு பேச்சுப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர் மூலமா பண்றது உண்டு, சிலருக்கு டாக்டர் பாத்து தசை இறுக்கத்த தளர்த்துற பேக்லோஃபென் மாத்திரை குடுக்குறதும் உண்டு, தூக்கம் வரும், லாரி ஓட்டுறவங்களுக்கு ஆகாது.

ஒன்னு மட்டும் அழுத்திச் சொல்லிடுறேன். இவர்கிட்ட நான் தைரியமா பேசினதுக்குக் காரணம் இதய டெஸ்ட்டும் எண்டோஸ்கோப்பியும் ஏற்கனவே முடிஞ்சிருந்தது. நடந்தா, மாடி ஏறினா வர்ற நெஞ்சு அடைப்பு, கை தாடைக்குப் பரவுற வலி, வேர்வை, மூச்சு வாங்கல், இதுல ஏப்பம் கூட வந்தாலும், ஹார்ட் இல்லன்னு நிரூபிக்கிற வரைக்கும் அது ஹார்ட் தான், சோடா குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் ஆஸ்பத்திரி போறதுல போற அந்த ஒரு மணி நேரத்துல உயிர் போனவங்க உண்டு. எடை குறையுறது, சோறு முழுங்கும்போது சிக்குறது, ஓயாத வாந்தி, கருப்பா மலம், ரத்தசோகை, இதுல எது இருந்தாலும் மூச்சுப் பயிற்சி பேச்சே வேணாம், முதல்ல எண்டோஸ்கோப்பி.

கம் இப்ப ஒரு நாளைக்கு நாலுக்கு வந்திருக்கு. தோள்பட்டைய அமுக்கச் சொல்றது மட்டும் இன்னும் நிக்கல, ஏப்பம் வரலன்னாலும் சுகமா இருக்குதுங்கன்னு சொல்றாரு, அதுக்கு நான் என்ன மருந்து எழுதுறது.